மேட்டில் அழுத்தம், சமவெளியில் வெயில்: சுடுதண்ணீருக்கு எந்தப் பைப்?

கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டுகிறவரும் சூரியநெல்லியில் வீடு கட்டுகிறவரும் ஒரே கடையில் பைப் வாங்கினாலும் இருவருடைய தேவையும் ஒன்றல்ல. பாலக்காட்டின் கிழக்குப் பக்கம், சித்தூரிலிருந்து மீனாட்சிபுரம், வேலந்தாவளம் வரை, மார்ச் வந்தால் வெயில் கொளுத்தும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. இடுக்கியின் தேவிகுளம் பக்கம் போனால் நிலைமை தலைகீழ். செண்டுவாரை, லெட்சுமி, கன்னிமலை எஸ்டேட்டுகளில் ஜனவரி மாதத்துச் சில காலைகளில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும். இரண்டு இடத்திலும் பிளம்பர் சொல்வது ஒன்றுதான்: "பச்சத்தண்ணிக்கு பி.வி.சி., சுடுதண்ணிக்கு சி.பி.வி.சி., காசு இருந்தா காப்பர்." அது பெருமளவு சரி. ஆனால் எங்கே பச்சைத்தண்ணீர் லைன் முடிகிறது, எங்கே சுடுதண்ணீர் லைன் தொடங்குகிறது என்பதில்தான் பல வீடுகளில் தகராறு.

முதலில் வெப்பம். பி.வி.சி. பைப் எவ்வளவு சூட்டில் இளகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. எல்போவோ காலரோ கையில் இல்லாதபோது பிளம்பர் ஒரு பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, பைப்பின் முனையை அதில் காட்டித் திருப்புவார். அரை நிமிடத்தில் முனை மெழுகு போல் இளகும். அதற்குள் இன்னொரு பைப்பைத் திணித்து விரித்துவிடுவார். இந்த இளக்கம் தொடங்குவது 80 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். குளியலறை ஹீட்டரின் தெர்மோஸ்டாட் வழக்கமாக 60 முதல் 75 டிகிரிக்குள் வெட்டும். அது பழுதாகி நின்றுவிட்டால் தண்ணீர் 80-ஐத் தாண்டிப் போகும். அதாவது, பிளம்பர் தாளைக் கொளுத்திச் செய்கிற வேலையைப் பழுதான ஹீட்டர் சுவருக்குள் இருந்தபடியே செய்துவிடும்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் பி.வி.சி. பலம் இழந்துகொண்டே வருகிறது. குடிநீர் பி.வி.சி. பைப்புக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4985. பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் '6 கிலோ', '10 கிலோ' என்ற அழுத்தம் 27 டிகிரி தண்ணீருக்குச் சொன்னது. சூடு ஏற ஏற அந்தக் கிலோ குறையும். பைப் தொழிலில் பொதுவாகப் பயன்படுத்தும் அமெரிக்க அட்டவணைப்படி, 43 டிகிரியில் பி.வி.சி.யின் தாங்குதிறன் பாதியாகிவிடுகிறது. 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 60-க்கு மேல் அட்டவணையே கிடையாது. ஆக, '10 கிலோ' என்று வாங்கிய பைப் 60 டிகிரி தண்ணீரில் ஏறத்தாழ 2 கிலோ பைப்தான்.

சி.பி.வி.சி. என்பது அதே பி.வி.சி.யில் குளோரின் கூடுதலாக ஏற்றியது. பி.வி.சி.யில் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின்; சி.பி.வி.சி.யில் 63 முதல் 69 வரை இருக்கும். இந்தக் கூடுதல் குளோரினால் இளகும் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேலே போய்விடுகிறது. அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் 1950-களின் கடைசியில் இதை வீட்டுப் பைப்பாகக் கொண்டுவந்தது. இந்தியத் தரம் ஐ.எஸ். 15778 வந்தது 2007-இல்தான். தொடர்ந்து ஓடும் சுடுதண்ணீருக்கு 93 டிகிரி வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பலமும் சூட்டில் குறையத்தான் செய்கிறது, ஆனால் குறைந்த பிறகும் வீட்டுக்குப் போதுமான அளவு மிஞ்சுகிறது.

கடையில் சி.பி.வி.சி. இரண்டு கனத்தில் கிடைக்கும். பைப்பின் மேலேயே எஸ்.டி.ஆர். 11 என்றோ எஸ்.டி.ஆர். 13.5 என்றோ எழுதியிருக்கும். எண் சிறிதானால் சுவர் கனம் அதிகம். எஸ்.டி.ஆர். 11 பைப் 23 டிகிரியில் 28 கிலோ தாங்கும், 82 டிகிரியில் 7 கிலோ. எஸ்.டி.ஆர். 13.5 முறையே 22.5 கிலோவும் ஐந்தரை கிலோவும். (இங்கே கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ.) 82 டிகிரிக் கணக்கைத்தான் மனதில் வைக்க வேண்டும். 28 என்று கடைக்காரர் சொல்வது பச்சைத்தண்ணீர்க் கணக்கு.

இனி இந்தக் கிலோக் கணக்கு எங்கே பயன்படும் என்று பார்க்கலாம். சமவெளி வீட்டில் மொட்டை மாடியில் டேங்க், அதற்குக் கீழே ஒரு மாடியோ இரண்டோ. டேங்கிலிருந்து குழாய் வரை நாலைந்து மீட்டர். அழுத்தம் அரை கிலோ. பாதிப் பலம் இழந்த 6 கிலோ பி.வி.சி. பைப்கூட இதைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆகவே, கொழிஞ்சாம்பாறை வீட்டுப் பச்சைத்தண்ணீர் லைனுக்கு வெடிப்பு பயம் பெரிதாக இல்லை. பிரஷர் பம்ப் வைத்தவர்கள் மட்டும் அதன் 2, 3 கிலோவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலையில் கதை வேறு. பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி பக்கம் பல வீடுகளுக்குத் தண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ் வழியாக இறங்கி வரும். டேங்க் கட்டியிருந்தாலும் சரிவில் மேலே எங்கோ ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும். வீட்டுக்கும் டேங்குக்கும் 40 மீட்டர் உயர வித்தியாசம் என்றால் குழாயை மூடி வைத்திருக்கும் நேரமெல்லாம் பைப்புக்குள் 4 கிலோ நிற்கிறது. இரவு முழுக்க, விட்டுவிட்டு வராமல், அதே 4 கிலோ. கால் திருப்புக் குழாயைப் பட்டென்று மூடும்போது ஒரு இடி வேறு வரும். 'டம்' என்று சுவருக்குள் சத்தம் கேட்டால் அதுதான். அந்த லைனிலேயே ஹீட்டரை நேராகக் கொடுத்தால் சுடுதண்ணீர்ப் பக்கமும் அதே 4 கிலோ ஏறி நிற்கும். 82 டிகிரியில் ஐந்தரை கிலோ தாங்கும் எஸ்.டி.ஆர். 13.5 பைப்புக்கு இதில் மிச்சம் குறைவு. மலையில் சுடுதண்ணீருக்கு எஸ்.டி.ஆர். 11 வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சமவெளியில் டேங்க் தண்ணீர் மட்டும் என்றால் 13.5 போதும்; கனமான பைப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு அங்கே வீண்.

உயரத்தை அளக்காமல் பைப் வாங்கவே கூடாது. அளப்பதும் எளிது. குழாய் முனையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். 3 கிலோவைத் தாண்டினால் வீட்டின் மேல் ஒரு சின்ன டேங்க் வைத்து, மிதவை வால்வோடு அதில் தண்ணீரை இறக்கி, அங்கிருந்து வீட்டுக்குள் எடுத்துவிடுவது நல்லது. சோலார் ஹீட்டர் வைக்கிறவர்களுக்கு இது கட்டாயம். கண்ணாடிக் குழல் வைத்த சாதாரண சோலார் டேங்குகள் அழுத்தம் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. மேட்டு லைனை அதில் நேராகக் கொடுத்தால் டேங்கே உப்பிப் பிளக்கும்.

இப்போது நீளுதல். சூட்டில் பைப் நீளும் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பத்து மீட்டர் நீளமுள்ள பைப், பத்து டிகிரி சூடேறினால் காப்பர் 1.7 மில்லிமீட்டர் நீளும். பி.வி.சி. சுமார் 6 மில்லிமீட்டர். சி.பி.வி.சி.யோ ஆறரை. கவனியுங்கள்: சி.பி.வி.சி.யும் பி.வி.சி.யும் நீளுவதில் கிட்டத்தட்ட சமம். "சி.பி.வி.சி. போட்டாச்சு, இனி கவலையில்ல" என்று நினைப்பது தவறு. அது சூட்டைத் தாங்கும், ஆனால் பி.வி.சி. போலவே நீளும். அந்த நீட்டத்துக்கு வழி விடவில்லையென்றால் இணைப்புகளில்தான் அது தன் வேலையைக் காட்டும்.

ஒரு வீட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். தேவிகுளம் பக்கம் ஒரு வார்ப்பு வீடு. மாடியில் சோலார் ஹீட்டர், மறுகோடியில் குளியலறை. நடுவே முக்கால் இஞ்சு சி.பி.வி.சி. லைன் 12 மீட்டர் நேராக, வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறது. டிசம்பர் விடியலில் பைப்பும் அதற்குள் நிற்கும் தண்ணீரும் 12 டிகிரி. குளிக்கக் குழாயைத் திறந்ததும் 65 டிகிரி தண்ணீர் அதில் பாய்கிறது. வித்தியாசம் 53 டிகிரி. பத்து மீட்டருக்குப் பத்து டிகிரியில் ஆறரை மில்லிமீட்டர் என்ற கணக்கில் 12 மீட்டருக்கு 41 மில்லிமீட்டர் வருகிறது. நாலு சென்டிமீட்டர்! அதுவும் ஐந்து நிமிடத்துக்குள். குளித்து முடித்து ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அவ்வளவும் சுருங்கும். காப்பர் போட்டிருந்தால் அதே 12 மீட்டரில் 11 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும்.

இந்த நாலு சென்டிமீட்டரை விழுங்க இரண்டு வழி. லைன் நேராகவே போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு வளையம் விட வேண்டும். அதாவது நாலு எல்போ வைத்து 'ப' வடிவில் வெளியே போய்த் திரும்பி வருவது. முக்கால் இஞ்சு பைப்பில், மேலே சொன்ன நீட்டத்துக்கு, அந்த வளையத்தில் சேர்ந்து சுமார் 70 சென்டிமீட்டர் பைப் தேவை. இரண்டு கையும் 28 சென்டிமீட்டர், நடுத் துண்டு 14 என்று பிரித்துக்கொள்ளலாம். பைப் நீளும்போது கைகள் இரண்டும் உள்பக்கமாகக் கொஞ்சம் சாயும். இணைப்புக்கு இழுப்பு போகாது. வளையத்தின் மேல் கிளாம்ப் அடித்துவிட்டால் அதை வைத்தும் பயனில்லை. கிளாம்ப் அதற்கு இரண்டு பக்கமும் தள்ளி வர வேண்டும்.

இரண்டாவது வழி, திருப்பங்களையே பயன்படுத்திக்கொள்வது. வீடுகளில் பைப் எப்படியும் மூலைக்கு மூலை திரும்பத்தான் போகிறது. ஒவ்வொரு எல்போவுக்குப் பிறகும் அரை மீட்டருக்கு மேல் பைப்பைக் கிளாம்ப் போடாமல் விட்டால் அந்தத் துண்டு வளைந்துகொடுத்து நீட்டத்தை வாங்கிக்கொள்ளும். சின்ன வீட்டில் இதுவே போதும். வளையம் விட வேண்டியது நேர் ஓட்டம் ஆறேழு மீட்டரைத் தாண்டினால்தான். ஆனால் பிளம்பருக்குக் கை பழகிவிட்டது. எல்போவை ஒட்டி இரண்டு பக்கமும் கிளாம்பை இறுக்கி அடித்து, "ஆடாம நிக்கட்டும்" என்பார். ஆட வேண்டிய இடமே அதுதான். கிளாம்ப் பைப்பைத் தாங்கிப் பிடித்தால் போதும், நெரிக்கக் கூடாது. படுக்கை வாட்டில் 90 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம், பைப் உள்ளே வழுக்கிப் போகும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

நீளுதலைக் காதால் கண்டுபிடிக்கலாம். சுடுதண்ணீரைத் திறந்த ஓரிரு நிமிடத்தில் சுவருக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று வந்தால் பைப் கிளாம்பிலோ காரையிலோ உரசி உரசி நகர்கிறது என்று அர்த்தம். உடனே ஆபத்தில்லை. ஆனால் அந்தச் சத்தம் எல்போ இருக்கும் மூலையிலிருந்து வந்தால் அந்த மூலையில்தான் ஒருநாள் ஈரம் தெரியும். வெளியே ஓடும் பைப்பில் இன்னும் எளிது: மத்தியான நேரத்தில் கிளாம்புக்கும் கிளாம்புக்கும் இடையே பாம்பு போல் நெளிந்து நின்றால் நீள இடமில்லாமல் திணறுகிறது.

சுவருக்குள் காடி வெட்டிப் புதைத்த பைப் என்ன செய்யும் என்று கேட்கலாம். காரை நான்கு பக்கமும் பிடித்திருப்பதால் அது நீள முடியாமல் தனக்குள்ளேயே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். சி.பி.வி.சி. வளைந்துகொடுக்கும் பொருள் என்பதால் அந்த அழுத்தம் பெரிதாக இல்லை. இதில் ஒரு வேடிக்கை: குறைவாக நீளும் காப்பர், தடுக்கப்பட்டால் அதிகமாகத் தள்ளும். ஒரே அளவு சூட்டில், முழுதும் கட்டிப்போட்ட முக்கால் இஞ்சு காப்பர் பைப் தள்ளும் விசை, அதே அளவு சி.பி.வி.சி. தள்ளுவதைப்போல் ஐந்து மடங்கு வரை வரும். ஆகவே, காப்பரைச் சுவருக்குள் வெறுமனே பூசிவிடக் கூடாது. ஃபோம் உறை போட்டு, திருப்பங்களில் அதைக் கொஞ்சம் தடிமனாகச் சுற்றித்தான் மூட வேண்டும். சி.பி.வி.சி.க்கும் எல்போ இருக்கும் இடங்களில் மட்டுமாவது உறை போடுவது நல்லது.

சமவெளியில் நீளும் பைப் சுடுதண்ணீர் பைப் மட்டுமல்ல. மாடியில் டேங்கிலிருந்து ஓடும் வெள்ளை பி.வி.சி. லைன், தண்ணீர் ஓடாமல் நிற்கும் மத்தியானத்தில் 55 டிகிரி வரை போனால், விடியற்காலை 25-ஐ விட 30 டிகிரி கூடுதல். பத்து மீட்டர் லைன் தினமும் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. இழுப்பெல்லாம் போய்ச் சேருவது டேங்க் நிப்பிளில். அந்த ஊர்களில் கோடை முடியும்போது டேங்க் அடியில் சொட்டத் தொடங்குவதற்கு டேங்க் மட்டமானது என்பதே காரணமாக இருக்க வேண்டியதில்லை. டேங்கிலிருந்து வெளியே வந்ததும் பைப்பை நேராக ஓட விடாமல், ஒரு எல்போ வைத்து அரை மீட்டர் கீழே இறக்கி, பிறகு திருப்பினால் நிப்பிள் தப்பிக்கும். பைப்பின் மேல் வெள்ளைத் தண்ணீர் பெயிண்ட் அடிப்பது வெயிலையும் தடுக்கும், பைப் பொரிந்து போவதையும் தடுக்கும். ஆயில் பெயிண்ட் வேண்டாம், குறிப்பாக சி.பி.வி.சி. மேல்.

இனி தொடக்கத்தில் சொன்ன தகராறு. ஹீட்டரிலிருந்து வெளியே வரும் பக்கம் சி.பி.வி.சி., உள்ளே போகும் பக்கம் பி.வி.சி. என்பதுதான் இங்கே பெரும்பாலான வீடுகளில் வழக்கம். "உள்ள போறது பச்சத்தண்ணிதானே?" ஆம், ஓடும்போது பச்சைத்தண்ணீர்தான். ஆனால் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறக்காமல் இருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகி, பெருத்து, வந்த வழியே திரும்பித் தள்ளும். நடுவில் ஒருவழி வால்வு இல்லாத லைனில் கொதிநீர் ஓரிரு அடி வரை பச்சைத்தண்ணீர்ப் பைப்புக்குள் ஏறிவிடும். வால்வு இருந்தாலும் அதற்கும் ஹீட்டருக்கும் இடையே உள்ள பைப் சூடாவதைத் தடுக்க முடியாது. நீங்களே சோதிக்கலாம். ஹீட்டரை அரை மணி நேரம் போட்டுவிட்டு, தண்ணீரைத் திறக்காமல், உள்ளே போகும் இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். சுடும்.

இன்னொரு கசிவு வழி கலவைக் குழாய். ஒரே குழாயில் சூடும் குளிரும் கலந்து வரும் மிக்ஸரின் வாயை மட்டும் மூடிவிட்டு, உள்ளே இரண்டு கைப்பிடியும் திறந்தே விட்டால், சுடுதண்ணீர் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நழுவும். கழிவறையில் கை ஷவரை எடுத்ததும் முதலில் வெதுவெதுப்பாக வருகிறதா? அப்படியென்றால் உங்கள் பி.வி.சி. லைனில் சுடுதண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே குளியலறைக்குள் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் என்ற பேதம் வேண்டாம்; ஹீட்டர் இருக்கும் அறைக்குள் நுழையும் எல்லா லைனும் சி.பி.வி.சி.யாகவே இருக்கட்டும். டேங்கிலிருந்து அந்த அறை வாசல் வரை பி.வி.சி. கூடுதல் செலவு ஒரு அறைக்குச் சில மீட்டர் பைப்தான்.

இந்த இரண்டையும் இணைக்கும் இடத்தில் பசையைப் பாருங்கள். பி.வி.சி.க்கு உள்ள சொலூஷன் சி.பி.வி.சி.யைப் பிடிக்காது, பிடித்தது போல் இருந்து, சூடேறியதும் விடும். சி.பி.வி.சி. சொலூஷன் வழக்கமாக மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். இரண்டு வகைப் பைப்பும் அளவிலும் ஒத்துப்போகாது, ஒன்றின் மேல் ஒன்றைத் திணித்து ஒட்ட முயல வேண்டாம். பித்தளை மரையுள்ள அடாப்டர் வைத்து மரையில் இணைப்பதே முறை. ஹீட்டருக்குப் போகும் இடத்திலும் பிளாஸ்டிக் மரையை நம்ப வேண்டாம். இரும்பு நிப்பிள் இறுகும்போது பிளாஸ்டிக் பெண் மரை வெடிக்கும், அதுவும் ஒரு மாதம் கழித்து வெடிக்கும். மரையில் டெஃப்லான் டேப் மட்டும். சணலும் எண்ணெய்ப் பசையும் சி.பி.வி.சி.க்கு ஆகாது.

ஒட்டும்போது ஒன்றைக் கவனித்தால் போதும். சி.பி.வி.சி. பைப் எல்போவுக்குள் சற்று இறுக்கமாகத்தான் போகும். சொலூஷன் தடவி, கால் திருப்புத் திருப்பி உள்ளே தள்ளியதும் பிளம்பர் கையை எடுத்துவிட்டால் பைப் மெல்ல வெளியே வந்துவிடும். பத்து பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். குளிரில் அரை நிமிடம். மூணாறுக் குளிரில் சொலூஷன் உலர நேரமும் கூடும். ஒரு பகல், ஒரு இரவு விட்டுத்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஜீப்பின் மேல் கட்டி மலையேறி வந்த பைப்பின் முனைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருப்பதால் இது கூடுதல். வெடிப்பு தெரிந்தால் அது முடியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு இஞ்சு சேர்த்து வெட்டித் தள்ளிவிடுங்கள்.

காப்பர் எங்கே? சூட்டைப் பொறுத்தவரை அதற்குக் கவலையே இல்லை. நீளுவதும் குறைவு. விலைதான் பல மடங்கு. அதைத் தாண்டி இரண்டு விஷயங்கள் இந்த ஊர்களுக்கே உரியவை. ஒன்று தண்ணீர். கேரளத்தின் செம்மண் கிணறுகளிலும் மலை ஊற்றுகளிலும் தண்ணீர் பெரும்பாலும் மென்மையாகவும் சற்று அமிலமாகவும் இருக்கும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 சொல்லும் பி.எச். அளவு 6.5 முதல் 8.5 வரை. அதற்குக் கீழே போகும் தண்ணீர் காப்பரை உள்ளிருந்து அரிக்கும். குழாய்க்கு அடியில் பீங்கானில் பச்சைநீலக் கறை விழுவது அதன் முதல் அடையாளம்; ஊசித் துளைகள் பிறகு வரும். சித்தூர்ப் பக்கம் நேர்மாறு: போர்வெல் தண்ணீர் கடினமானது, காப்பரை அவ்வளவாக அரிக்காது, ஆனால் ஹீட்டருக்குள் உப்பு படிந்து வேறு தொல்லை தரும். மலை வீட்டுக்காரர்கள் காப்பர் போட நினைத்தால் முதலில் பி.எச். தாளை வாங்கி ஊற்றுத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். 6.5-க்குக் கீழே காட்டினால் காப்பர் வேண்டாம்.

இரண்டாவது, வேலை தெரிந்த கை. காப்பரை ஈயமில்லாத சால்டர் வைத்து ஒட்ட வேண்டும், உள்ளே ஃப்ளக்ஸ் மிச்சமில்லாமல் கழுவிவிட வேண்டும். சிற்றூர்களில் காப்பர் பற்றவைக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் ஏ.சி. மெக்கானிக்தான். அவர் கை சுத்தமாக இருக்கலாம், ஆனால் அவருக்குக் குடிதண்ணீர் லைன் பழக்கமில்லாமல் இருக்கலாம். சால்டரில் ஈயம் இல்லை என்பதை வாங்கும்போதே நீங்கள் உறுதிசெய்துகொள்ளுங்கள். இன்னொன்று: காப்பர் லைனுக்குப் பிறகு ஜி.ஐ. இரும்பு பைப் வைத்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். அதனால் அந்த இரண்டையும் நேரடியாகச் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவையும் மீறிக் காப்பருக்கு ஒரு இடம் நிச்சயம் உண்டு: சோலார் டேங்கின் வெளிவாய்க்கு அடுத்த முதல் ஒரு மீட்டர். மார்ச் மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான்கு நாள் ஊருக்குப் போனால் சோலார் டேங்கில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். திரும்பி வந்து குழாயைத் திறந்ததும் சி.பி.வி.சி.யின் 93 டிகிரி வரம்பு தாண்டிய தண்ணீர் முதல் ஓட்டத்தில் வரும். அந்த ஒரு மீட்டர் காப்பராக இருந்தால் முதல் அதிர்ச்சி அதில் விழும். பி.எச். குறைந்த ஊரில் காப்பருக்குப் பதில் எஸ்.எஸ். நெளிவுக் குழாய் வைக்கலாம். சாதாரண மின் ஹீட்டருக்கு இது தேவையில்லை. பின்னல் ஓஸும் பித்தளை நிப்பிளும் போதும். ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு மட்டும் அடைத்துக்கொள்ளாமல் சொட்டட்டும். அது சொட்டுகிறது என்று யாராவது மூடி வைத்தால் பைப் எதுவாக இருந்தாலும் பயனில்லை.

சூட்டைக் காக்கும் உறை பற்றி ஒரு வார்த்தை. மேலே கணக்குப் போட்ட 12 மீட்டர் முக்கால் இஞ்சு பைப்புக்குள் மூன்று லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கிறது. விடியலில் குழாயைத் திறந்தால் அந்த மூன்று லிட்டரும் குளிர்ந்து வந்த பிறகுதான் சூடு வரும். காப்பர் சூட்டை வேகமாக வெளியே விடும், சி.பி.வி.சி. மெதுவாக. ஆனாலும் மலையில் வெளியே ஓடும் சுடுதண்ணீர் லைனுக்கு இரண்டிலும் உறை வேண்டும். மெல்லிய கறுப்பு ஃபோம் குழாய் போதும். அதன் மேல் வெயில் படாமல் ஒரு பட்டை சுற்றிவிடுங்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் ஒன்று. காடி பூசி மூடுவதற்கு முன் எல்லா முனையையும் அடைத்து, லைனில் வரப்போகும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு பம்பில் ஏற்றி, ஒரு மணி நேரம் கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பிளம்பரோடு சேர்ந்து பாருங்கள். பிறகு சுவருக்குள் போகும் ஒவ்வொரு பைப்பின் மேலும் உள்ள அச்சை நீங்களே படியுங்கள். ஹீட்டருக்குப் போகும், ஹீட்டரிலிருந்து வரும் பைப்பின் மேல் ஐ.எஸ். 15778 என்று இல்லையென்றால் அதை அந்த இடத்தில் மூட விடாதீர்கள்.